முதல் ஸலாம் யாருடையது?

பள்ளிவாசல் ஹவ்ளின் கரையில் உளூச் செய்ய அமர்கிறோம். எதிர்க்கரையில் தலை நிமிர்பவர், ஒரு காலத்தில் நம்மோடு ஒரே சஹனில் உண்டவர். கூட்டாக நடத்திய கடையின் கணக்கில் 40,000 ரூபாய்ப் பிணக்கு. 2 ஆண்டுகளாகப் பேச்சில்லை. நம் பார்வை தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறது. "தவறு அவருடையது, அவரே முதலில் சொல்லட்டும்" என்று உள்ளம் வாதிடுகிறது.

அந்த வாதத்திற்கு மார்க்கத்தில் இடமுண்டா? ஒரு முஸ்லிம் தன் சகோதரரை 3 இரவுகளுக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது ஆகுமானதன்று; சந்திக்கும்போது இருவரும் முகம் திருப்பிக்கொள்ள, அவர்களில் ஸலாமை முந்திச் சொல்பவரே சிறந்தவர் என்ற கருத்தில் அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. யார் பக்கம் நியாயம் என்று அது கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

உடனே சிலர் கஅப் இப்னு மாலிக் (ரழி) அவர்களை 50 இரவுகள் ஒதுக்கிவைத்ததை எடுத்துக்காட்டுவர். அது தபூக் போருக்குச் செல்லாமல் பின்தங்கியதற்காக நபி (ஸல்) அவர்களே இட்ட கட்டளை. இறைவசனம் இறங்கி முடிவுற்றது. நம் கடைக் கணக்கிற்கு அதைச் சான்றாக்குவது, நம் கோபத்திற்கு மார்க்கத்தின் ஆடையைப் போர்த்துவதன்றி வேறென்ன?

இன்னொரு தந்திரமும் நம்மிடம் உண்டு. கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாக ஸலாம் சொல்லிவிட்டு, அவருக்கும் சொல்லிவிட்டதாகக் கணக்கெழுதிக்கொள்வது. நம் கண்கள் அவரைத் தவிர்த்திருந்தால் அந்த ஸலாம் அவருக்குரியதன்று.

ஒரு வெள்ளிக்கிழமை நாமே இதைச் செய்து பார்த்தோம். உளூவை அவசரமின்றி முடித்தோம். எழுந்து, அவர் பக்கம் திரும்பி, அவர் காதில் விழுமளவு "அஸ்ஸலாமு அலைக்கும், காக்கா" என்றோம். குரல் சற்றுத் தடுமாறியது. மேலே ஒரு சொல்லும் சேர்க்கவில்லை, "அன்று நீங்கள் ஏன்..." என்று தொடங்கியிருந்தால் ஸலாம் வழக்காக மாறியிருக்கும். கைநீட்டி அவரை நெருக்கடிக்கும் உள்ளாக்கவில்லை. ஒரு கணம் கழித்து, "வஅலைக்குமுஸ்ஸலாம்" என்றார். இருவரும் ஸஃப்புக்கு நடந்தோம்.

அவர் பதில் சொல்லாதிருந்தால்? பதிலளிப்பது அவர்மீதுள்ள கடமை. அதன் பொறுப்பு அவரைச் சேரும். பிறர் கேட்க உரத்துத் திரும்பச் சொல்வது ஸலாம் அன்று, பழிவாங்கல்.

"ஸலாம் சொன்னால் பணத்தை விட்டுக்கொடுத்ததாகிவிடுமே" என்பார்க்கும் ஒரு சொல்: ஸலாம் கடனை அழிப்பதில்லை. 40,000 ரூபாய் இன்னும் தீரவில்லை. அதற்கு வேறொரு நாள், எழுதிய கணக்கும் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவரும் வேண்டும். ஹவ்ளின் கரையில் நாம் தீர்க்க வேண்டியிருந்தது ஒதுக்கத்தை மட்டுமே. அதற்கு ஒரு ஸலாம் போதுமாயிருந்தது. 2 ஆண்டுகள் தேவைப்பட்டிருக்கவில்லை.