வாடகையே தவணையைக் கட்டுமாம்!

"ஒரு ஃபிளாட்டை வாங்கிப் போடுங்கள், வாடகையே தவணையைக் கட்டிவிடும்" என்ற அபிப்பிராயம் நம் மத்தியதரக் குடும்பங்களில் வேதவாக்காகவே வழங்கி வருகிறது. இதை உபதேசிக்கும் உறவினர்களும் தரகர்களும் மாத வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கிக் காட்டுவார்களே அன்றி, அதில் எவ்வளவு கைக்கு வந்து நிற்கும் என்று விசாரிப்பதில்லை.

சென்னை மேடவாக்கத்துப் பக்கம், கட்டிச் சில ஆண்டுகளான ஃபிளாட் ஒன்றை 70 லட்சத்துக்கு வாங்கி, 20,000 ரூபாய்க்கு வாடகைக்கு விடுவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2,40,000, விலையில் ஏறத்தாழ மூன்றரை சதவீதம். ஆனால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக ஒன்பது சதவீதமும், தரகும் சேர்ந்தால், போட்ட முதல் 77 லட்சம் என்பதை யார் நினைவில் கொள்கிறார்கள்?

இரண்டு வருஷத்துக்கொருமுறை குடித்தனக்காரர் மாறுகிறார் என்றும், அப்போது வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடக்கிறது என்றும் கொண்டால், வரவு வருஷத்துக்கு 2,20,000 ஆகக் குறைகிறது. அந்நாட்களில் சங்கத்துப் பராமரிப்புத் தொகையும் உரிமையாளர் தலையில்தான் விழும். பெயிண்டிங்குக்கு 50,000 ஆனால், வழக்கப்படி அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டாலும் பாக்கி 30,000 தம் கையிலிருந்தே போகும். (அட்வான்ஸை வருமானமாகப் பாவிப்போரும் உண்டு, திருப்பித் தரவேண்டிய கடன் அது.) இவற்றோடு தரகு, சொத்து வரி 8,000, குழாய், கீஸர் பழுது எல்லாவற்றையும் சராசரியாக ஆண்டுக்கு 46,000 என்று கழித்தால், மிஞ்சுவது 1,74,000.

வருமான வரிச் சட்டமோ, பழுதுக்கு எவ்வளவு செலவானாலும், சொத்து வரி போக எஞ்சிய வாடகையில் முப்பது சதவீதத்தை மட்டுமே தள்ளிக் கொடுக்கும். ரொக்கமாக வாங்கியவர் முப்பது சதவீத வரிப் பிரிவில் இருந்தால், வரி சுமார் 46,000. கடைசியில் நிற்பது 1,28,000. அதாவது 77 லட்சத்துக்கு 1.7 சதவீதம்கூட இல்லை.

சரி, கடன் வாங்கியவருக்கு வட்டி கழிவதால் இந்த வரி இல்லை என்பார்கள். உண்மையே. ஆயினும் 50 லட்சத்தை எட்டரை சதவீத வட்டியில் இருபது ஆண்டுக்கு வாங்கியவர் கட்டும் தவணை மாதம் 43,400. வீடு தருவதோ சராசரியாக 14,500. மீதம் 28,900 ரூபாயை மாதந்தோறும் அவருடைய சம்பளமே கட்டுகிறது. புதிய வரி முறையில், வாடகைக்கு மேற்பட்ட வட்டியைச் சம்பளத்தில் கழிக்கவும் இடமில்லை.

"விலை ஏறுமே!" என்பது இறுதி அஸ்திரம். ஏறலாம்; ஆனால் ஏறுவது பெரும்பாலும் நிலத்தின் விலை, ஃபிளாட்டுக்காரருக்கு அதில் உள்ளதோ பிரிபடாத ஒரு சிறு பங்கு, கட்டடமோ வருஷத்துக்கு வருஷம் தேய்வது. அந்த ஏற்றத்தை நம்பி வாங்குகிறவர் தாராளமாக வாங்கட்டும். தவணையை வாடகை கட்டுகிறது என்று மட்டும் பிறரிடம் சொல்லாதிருக்கட்டும்.