அலுமாரிக்குள் வைத்த போனும் 120 நாள் கணக்கும்

மௌத்து வீட்டில் மூன்றாம் நாளே ஒரு பேச்சு வரும். "வாப்பாட போனை என்ன செய்ற?" யாராவது ஒருவர் சொல்வார், "ஓஃப் பண்ணி அலுமாரிக்குள்ள வைங்க, எல்லாம் கிளவுட்ல இருக்கு, எங்கயும் போகாது." எல்லாரும் தலையாட்டுவோம். இந்த ஒரு வசனத்தோடுதான் எங்களுக்குச் சண்டை. கிளவுட் என்பது ராத்தாவின் வீட்டு அலுமாரி அல்ல. அது இன்னொருவனின் கடை. அவன் போட்ட தவணை முடிந்தால் சாமானை எடுத்து எறிவான், அதையும் முன்கூட்டியே எழுதித்தான் வைத்திருக்கிறான்.

வாட்ஸ்அப் சொல்லும் தவணை 120 நாள். அவ்வளவு காலம் அந்தக் கணக்கு வாட்ஸ்அப்போடு இணையாமல் இருந்தால் பொதுவாகக் கணக்கு அழிக்கப்படும். இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. டேட்டாவோ வைஃபையோ இல்லாமல் போனைத் திறந்து பழைய வொயிஸைக் கேட்டுக்கொண்டிருந்தால் அது "பாவனை" ஆகாது. இணையத்தோடு சேர்ந்தால்தான் கணக்கில் வரும். உம்மா ஒவ்வொரு இரவும் மவுத்தான மனிதரின் குரலைக் கேட்டு அழுதுகொண்டிருக்கலாம், கம்பனியின் கண்ணுக்கு அந்தப் போன் கைவிடப்பட்ட போன்தான்.

இப்போது ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், எந்த ஊரிலும் இருக்கக்கூடிய வீடு. வாப்பா சிறிய ஹாட்வெயார் கடை வைத்திருந்தவர். ஜனவரி 10இல் மௌத்து. கபூறு அடக்கி, வந்தவர்கள் போய், ஜனவரி 12 இரவு போனில் சார்ஜ் இறங்கி அணைகிறது. அப்படியே அலுமாரிக்குள் போகிறது. மனைவி இத்தாவில் இருக்கிறார். நான்கு மாதமும் பத்து நாளும், பிறைக் கணக்கில் ஏறக்குறைய 128 நாள், அதாவது மே 18 அளவில் முடியும். வாட்ஸ்அப்பின் 120 நாள் எப்போது முடிகிறது? மே 12. அந்தப் பெண் இத்தாவை முடித்து, அலுமாரியைத் திறந்து, கணவரின் போனைக் கையில் எடுக்கும் முன்பே கணக்கு போய்விட்டது. குடும்பக் குறூப்பில் வாப்பாவின் நம்பருக்குப் பக்கத்தில் "வெளியேறினார்" என்று வரும். அதைப் பார்த்து வெளிநாட்டில் இருக்கும் மகன் பதறி கோல் எடுப்பான். இது யாரும் வேண்டுமென்று செய்ததல்ல, ஒரு கணினி நாளை எண்ணியது, அவ்வளவுதான். ஆனால் அந்த எண்ணிக்கையை வைத்தவர்கள் மனிதர்கள், அவர்களிடம் கேள்வி கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது.

இங்கே இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பக் கூடாது. கணக்கு அழிவது வேறு, போனுக்குள் இருக்கும் செய்திகள் அழிவது வேறு. கணக்கு போனாலும் அந்தப் போனில் வாட்ஸ்அப் செயலியை நீக்காத வரைக்கும் பழைய செய்திகள் அந்தப் போனுக்குள்தான் இருக்கும். அதே போனில், அதே நம்பரில் மறுபடி பதிந்தால் அவை திரும்பத் தெரியும். ஆக முழுதும் கெட்டுப்போகவில்லை. பிறகு ஏன் இத்தனை வீட்டில் எல்லாம் போகிறது? மறுபடி பதிவதற்கு அந்த நம்பருக்கு ஒரு இலக்கம் எஸ்எம்எஸ்ஸில் வர வேண்டும். நம்பரோ ரீலோட் போடாமல் கிடந்து நிறுத்தப்பட்டிருக்கும். காலம் போனால் அதே நம்பர் வேறொருவருக்கு விற்கப்படும். போன் இருக்கும், செய்தி இருக்கும், திறப்பு மட்டும் இருக்காது.

இதைவிட மோசம், மருமகன் ஒருவன் வந்து "இந்தப் போன் நல்ல போன், சும்மா கிடக்குது" என்று கடைக்குக் கொண்டுபோய் ரீசெட் அடித்துக்கொண்டு வருவது. 120 நாள் செய்யாத அழிவை ஐந்து நிமிடத்தில் செய்து முடித்துவிடுவான். கடைக்காரரையும் சொல்லத்தான் வேண்டும். மௌத்தானவரின் போனை ரீசெட் பண்ணும் முன் ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்?

"சரி, கூகிள் டிரைவில் பேக்கப் இருக்கே" என்பார்கள். இருக்கலாம். ஆனால் அதற்கும் தவணை உண்டு. ஐந்து மாதமாகப் புதுப்பிக்கப்படாத வாட்ஸ்அப் பேக்கப் தானாகவே அழிக்கப்படலாம். நாம் எடுத்த வீட்டில் கடைசிப் பேக்கப் ஜனவரி 11 என்றால், ஜூன் நடுப்பகுதிக்குப் பிறகு அதை நம்ப முடியாது. அதுவும் கடைசிப் பேக்கப் ஜனவரியில்தான் எடுக்கப்பட்டது என்றால் மட்டும். 2024 முதல் அன்ட்ரொயிட் போன்களின் வாட்ஸ்அப் பேக்கப் கூகிளின் இலவச 15 ஜிபிக்குள்ளேயே எண்ணப்படுகிறது. முன்பு அது கணக்கில் சேராமல் இருந்தது. கலியாண வீடியோவும் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிப் படங்களும் நிறைந்த போன்களில் அந்த 15 ஜிபி எப்போதோ முடிந்திருக்கும். இடமில்லை என்று பேக்கப் நின்றுபோயிருக்கும். திரையில் வந்த அறிவிப்பை வாப்பா கையால் தள்ளிவிட்டிருப்பார். அப்படியானால் ஐந்து மாதக் கணக்கு அவர் உயிரோடு இருக்கும்போதே ஓடத் தொடங்கிவிட்டது.

கூகிள் கணக்குக்குத் தவணை இரண்டு வருடம். இந்த விதியை 2023 மே மாதம் அறிவித்தார்கள், அந்த டிசம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்தது. இரண்டு வருடம் எவரும் நுழையாத தனிப்பட்ட கணக்கை, அதிலுள்ள மின்னஞ்சல், டிரைவ், படங்கள் எல்லாவற்றோடும் அழிக்கலாம். அதற்கு முன் சில மாதங்களாக எச்சரிக்கை அனுப்புகிறார்கள். எங்கே அனுப்புகிறார்கள்? அதே ஜிமெயிலுக்கும், மீட்பு முகவரி கொடுத்திருந்தால் அதற்கும். எங்கள் வாப்பாமாரின் ஜிமெயில் போன் வாங்கிய அன்று கடைப் பொடியன் திறந்து கொடுத்தது. மீட்பு முகவரி என்று ஒன்று இருந்தால் அதுவும் அவனுடையதாகத்தான் இருக்கும். வீட்டில் ஆளில்லை என்று தெரிந்துகொண்டு கதவில் நோட்டீஸ் ஒட்டும் வேலை இது.

கம்பனிகள் சொல்லும் நியாயத்தையும் சொல்லிவிடுவோம், இல்லாவிட்டால் அநீதியாகும். கைவிடப்பட்ட கணக்கில் இருபடிப் பாதுகாப்பு பெரும்பாலும் இருக்காது, திருடர் உள்ளே புகுந்துவிடுவார்கள் என்கிறது கூகிள். உண்மை. நம்பர் வேறொருவரிடம் போனால் பழையவரின் கணக்கு அவரிடம் போகக் கூடாது. அதுவும் உண்மை. உங்கள் உம்மாவின் நம்பரை வாங்கிய அந்நியன் அவருடைய படத்தோடு குறூப்பில் இருப்பதை யார் விரும்புவார்கள்? ஆகவே அழிக்கவே கூடாது என்று நாம் கேட்கவில்லை. அழிக்கும் முன் உரியவரிடம் ஒப்படைக்க ஒரு வழி வை என்கிறோம். கூகிள் 2013லேயே அப்படி ஒன்றை வைத்தது. `Inactive Account Manager` என்று பெயர். மூன்று மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை நாம் ஒரு தவணை சொல்லி, பத்துப் பேர் வரை பெயர் கொடுக்கலாம். அந்தக் காலம் நாம் நுழையாவிட்டால் அவர்களுக்கு அறிவித்து, நாம் அனுமதித்ததை எடுக்க விடும். வாட்ஸ்அப்பில் இப்படி எதுவும் இல்லை. எங்கள் ஊர்களில் வியாபாரமும் சீட்டும் வெளிநாட்டு ஏஜென்சிக்காரனின் வாக்குறுதியும் நடப்பது ஜிமெயிலிலா, வாட்ஸ்அப்பிலா?

இது வெறும் ஞாபகப் பொருள் பற்றிய கதை அல்ல. அந்த ஹாட்வெயார் கடை வாப்பா யாருக்கோ சீமெந்து கடனுக்குக் கொடுத்திருப்பார். யாரிடமோ இரண்டு இலட்சம் வாங்கியிருப்பார். எழுத்தில் ஒன்றும் இருக்காது, "அடுத்த மாசம் தாறன் நானா" என்ற ஒரு வொயிஸ்தான் இருக்கும். சொத்துப் பிரிக்கும் முன் கடன் தீர்க்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். கடன் கேட்டு ஒருவர் வாசலுக்கு வரும்போது ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஆதாரம் அந்தப் போனுக்குள் கிடக்கிறது. ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

ஆகவே மையித்து வீட்டில் போனை ஓஃப் பண்ணச் சொல்லும் ஆளாக இனி யாரும் இருக்க வேண்டாம். சார்ஜ் போடுங்கள். வைஃபையில் இணைத்து மாதம் ஒருமுறையாவது வாட்ஸ்அப்பைத் திறவுங்கள். சிம்முக்கு ரீலோட் போட்டு நம்பரை உயிரோடு வையுங்கள், மரணச் சான்றிதழோடு போய் நம்பரைக் குடும்பத்தில் ஒருவர் பெயருக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முக்கியமான உரையாடலைத் திறந்து, மேலே மூன்று புள்ளிக்குள் `More`, பிறகு `Export chat` கொடுத்தால் அது ஒரு கோப்பாக வெளியே வரும். படங்கள், வொயிஸோடு எடுத்தால் கடைசி 10,000 செய்தி வரைதான் வரும், அவை இல்லாமல் 40,000. கணக்கு போன பிறகு இதைச் செய்ய முடியாது, முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

கணக்கு ஏற்கெனவே போய்விட்ட வீடுகளுக்கும் ஒரு வழி இருக்கிறது. அன்ட்ரொயிட் போனில் வொயிஸ்கள் பூட்டப்படாத சாதாரணக் கோப்புகளாகவே கிடக்கின்றன. போனின் திரைப்பூட்டு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். யூஎஸ்பி வயரில் கணினியோடு இணைத்து இந்த இடத்துக்குப் போங்கள்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Voice Notes
```

உள்ளே வாரம் வாரமாகப் பிரிந்த கோப்புறைகள் இருக்கும், கோப்புகளின் பெயர் `PTT` என்று தொடங்கி திகதியோடு `.opus` என்று முடியும். முழுவதையும் பிரதி எடுங்கள், விஎல்சி பிளேயரில் ஓடும். யார் அனுப்பியது என்று கோப்பில் இருக்காது, குரலை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். எழுதிய செய்திகள் இப்படிக் கிடைக்காது. அவை பூட்டிய கோப்பில் இருக்கின்றன, நம்பர் இல்லாமல் திறக்காது.

கீழே ஒருவர் வந்து எழுதுவார் என்று தெரியும்: "மௌத்தானவரின் அந்தரங்கத்தைத் தோண்டுவதா?" நல்ல கேள்வி. வொயிஸைப் பிரதி எடுத்து வைப்பதும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்பதும் ஒன்றல்ல. பெட்டியைப் பூட்டி மனைவியின் கையில் கொடுங்கள். எதைக் கேட்பது, எதை அழிப்பது என்று அவர் இத்தா முடிந்து, மனது ஆறிச் சொல்லட்டும். அவருக்கு முன் மருமகனும் சொல்லக் கூடாது, மே 12 என்ற திகதியும் சொல்லக் கூடாது.