முருகேசன் என் பெயர் அல்ல

ஒரு பெண்ணுக்கு மரியாதை கொடுப்பதாக நினைத்துக்கொண்டு அவளுடைய அப்பாவுக்குக் கடிதம் எழுதும் வழக்கம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் கருத்தரங்கக் குழுக்களும் அதைத் தினமும் செய்கின்றன. என் பெயர் கயல்விழி. இன்ஷியலோடு மு. கயல்விழி. ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து எனக்கு வரும் கடிதங்கள் எல்லாம் 'டியர் டாக்டர் முருகேசன்' என்றே தொடங்குகின்றன. என் அப்பா பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆய்வேட்டை எழுதியது நான். பட்டம் மட்டும் அவர் பெயரில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். தமிழ்ப் பெயரில் குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் இருந்த சாதியை உதறச் சொன்னது. அதன் பிறகு நம் பெயர்களின் வால் மெல்ல மெல்ல வெட்டப்பட்டது. பெருமைப்பட வேண்டிய வரலாறுதான். ஆனால் சாதி போன பிறகும் தலைப்பக்கம் அப்பாவின் எழுத்து அப்படியே நின்றுவிட்டது. அந்த எழுத்து ஒரு அடையாளக் குறி மட்டுமே. ஊரில் பத்து கயல்விழிகள் இருந்தால் இவள் எந்தக் கயல்விழி என்று சொல்வதற்கு. அதை வைத்து யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. 'முருகேசன் மேடம்' என்று எந்த அலுவலகத்திலாவது கேட்டிருக்கிறீர்களா?

பாஸ்போர்ட் எடுக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அங்கே இன்ஷியலை எழுத்தாக விட முடியாது, விரித்து எழுத வேண்டும். விண்ணப்பத்தில் 'சர்நேம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ எழுதிவிடுகிறோம். அந்த நிமிடத்தில் குறியாக இருந்த ஒரு ஆணின் பெயர் நம் குடும்பப் பெயராகிவிடுகிறது. பிறகு 'பட்டமும் சர்நேமும் சேர்த்து அழைப்பதே மரியாதை' என்ற ஐரோப்பிய விதி அதன் மேல் வேலை செய்கிறது. விளைவு, டாக்டர் முருகேசன்.

கட்டத்தைக் காலியாக விட்டால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒற்றைப் பெயரோடு அமெரிக்க விசா வாங்கினால் அவர்கள் உங்கள் பெயரை சர்நேம் இடத்துக்குத் தள்ளிவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் `FNU` என்று அச்சடிக்கிறார்கள். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. பிறகு 'டியர் ஃப்னு' என்று அன்பாகக் கடிதம் வரும்.

'வெளிநாட்டினருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும், பாவம்' என்று நம்மவர்களே சமாதானம் சொல்வதுண்டு. தெரிந்துகொள்ள முடியும் என்பதற்கு ஐஸ்லாந்து சாட்சி. அங்கேயும் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை. 1980 முதல் 1996 வரை அதிபராக இருந்த விக்டிஸ் ஃபின்போகடோட்டிரின் பெயரில் இரண்டாம் பகுதிக்கு 'ஃபின்போகியின் மகள்' என்று பொருள். அவர் நாட்டு மக்களுக்கு அவர் விக்டிஸ்தான். அந்நாட்டுத் தொலைபேசிப் புத்தகமே சொந்தப் பெயரின் அகரவரிசையில்தான் அடுக்கப்பட்டது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். சிங்கப்பூரின் அதிபராக இருந்த ஹலிமா யாக்கோப்பை அங்கே உள்ள ஆங்கில நாளேடுகள் 'மேடம் ஹலிமா' என்றே எழுதின. யாக்கோப் அவருடைய தந்தை என்பது எழுதியவர்களுக்குத் தெரியும். அதிபருக்குக் கிடைக்கும் இந்தச் சிறு கவனம் ஒரு ஆய்வு மாணவிக்குக் கிடைக்கக் கூடாதா?

அப்படியானால் 'கயல்விழி' என்று மட்டும் எழுதிவிடட்டுமா என்று கேட்பார்கள். இங்கேதான் இரண்டாவது பொறி இருக்கிறது. ஜெர்மனியில் சொந்தப் பெயரைச் சொல்லி அழைப்பது நெருக்கத்தின் அடையாளம். பழகாதவரை அப்படி அழைப்பது அத்துமீறல். அமெரிக்காவில் முதல் நாளே பெயர் சொல்லி அழைப்பார்கள், ஆனால் எல்லோரையும் ஒரேபோல் அல்ல. அங்கே மருத்துவர்களின் கருத்தரங்குகளில் பேச்சாளர்களை எப்படி அறிமுகப்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்த ஒரு கட்டுரை 2017இல் வெளியானது. ஆண்கள் சக ஆண்களை அறிமுகப்படுத்தும்போது 72 விழுக்காடு 'டாக்டர்' சேர்த்தார்கள். பெண்களை அறிமுகப்படுத்தும்போது அது 49 விழுக்காடாகச் சரிந்தது. அதே மேடை, அதே பட்டம். பெண் என்றால் பட்டம் உதிர்ந்து வெறும் பெயர் மிஞ்சுகிறது.

ஆகவே நான் கேட்பது வெறும் பெயரை அல்ல. பட்டமும் என் பெயரும். 'டாக்டர் கயல்விழி.' தமிழில் மரியாதை எப்போதும் சொந்தப் பெயரோடுதான் ஒட்டுகிறது. 'முனைவர் கயல்விழி அவர்களுக்கு' என்பதில் எந்த நெருக்கமும் இல்லை, எந்த அத்துமீறலும் இல்லை. பட்டத்தை எப்போது விடலாம்? நான் என் கடிதத்தின் கீழே வெறுமனே 'கயல்' என்று கையெழுத்திடும்போது. அதுவும், அதே குழுவில் உள்ள ஆண் பேராசிரியரை நீங்கள் 'டாக்டர்' போடாமல் அழைப்பவராக இருந்தால் மட்டும்.

வெளிநாட்டினரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நகர முடியாது. நம் கடிதங்கள் 'செல்வி'யா 'திருமதி'யா என்று முதலில் விசாரிக்கின்றன. 'திரு' என்று அழைக்கப்படும் ஆணிடம் தாலி கட்டினானா என்று யாரும் கேட்பதில்லை. மணமாகாத பெண்ணைக் குறிக்கும் ஃப்ராய்லைன் என்ற சொல்லை மேற்கு ஜெர்மனியின் அரசு அலுவலகங்கள் 1972இல் கைவிட்டன. மத்மசேல் என்பதை பிரான்ஸ் அரசு 2012இல் தன் படிவங்களிலிருந்து நீக்கியது. சிங்கப்பூர்த் தமிழ் நாளேட்டில் 'திருவாட்டி' என்ற சொல் சாதாரணமாகப் புழங்குகிறது. சொல் இருக்கிறது. மனம்தான் இல்லை.

திருமணமானதும் இன்ஷியலை மாற்றும் வழக்கமும் இப்படித்தான். மாற்றியே ஆக வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மு. கயல்விழி பெற்ற சான்றிதழ்களும், கணவர் பெயரின் எழுத்தோடு வந்த வங்கிக் கணக்கும் ஒரே ஆளுடையவை என்று நிரூபிக்க அவள் அலைகிறாள். அவர் எழுத்து அப்படியே இருக்கிறது.

கடிதம் எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பெயருக்கு முன்னால் புள்ளியோடு ஓர் எழுத்து நின்றால் அது குடும்பப் பெயர் அல்ல. அதை விரித்து அழைக்காதீர்கள், அகரவரிசையிலும் அதன்கீழ் அடுக்காதீர்கள். இரண்டு பெயர்கள் விரிந்து நின்றால் அவள் எப்படிக் கையெழுத்திடுகிறாள் என்று பாருங்கள். அதிலும் தெளிவில்லையென்றால் முழுப் பெயரையும் எழுதுங்கள், அல்லது கேட்டுவிடுங்கள். ஐரோப்பாவிலும் கனடாவிலும் பிறந்த தமிழ்ப் பெண்களில் பலருக்குத் தாத்தாவின் பெயரே இன்று உண்மையான குடும்பப் பெயராகிவிட்டது. அவள் 'முருகேசன்' என்று அழைக்கச் சொன்னால் அப்படியே அழையுங்கள். சொல்ல வேண்டியவள் அவள்தான். பாஸ்போர்ட்டின் கட்டம் அல்ல.

என் அப்பாவின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அவருக்கு எழுத வேண்டுமென்றால் அவர் முகவரிக்கு எழுதுங்கள்.