ஒன்பது லட்சத்தில் கைக்கு வருவது

புனேயில் பணிபுரியும் ஓர் இளம் பொறியாளரைப் பெங்களூர் நிறுவனம் ஒன்று தொலைபேசியில் அழைத்து, ஆண்டுக்கு 9 லட்சம் என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். அதை 12ஆல் வகுத்து, மாதம் 75,000 என்று அவர் வீட்டுக்கும் சொல்லிவிடுகிறார். முதல் மாதம் வங்கிக் கணக்கில் விழுவதோ சுமார் 56,500.

யாரும் ஏமாற்றவில்லை. அந்த 9 லட்சம் சம்பளமல்ல, அவருக்காக நிறுவனம் செலவிடும் மொத்தத் தொகை (சி.டி.சி.). அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, மாதம் 37,500 என்றால், அதில் 12 சதவீதமான 4,500 ரூபாய் வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் கட்டும் பங்கு. அதுவும் 9 லட்சத்துக்குள்தான் அடக்கம். பணிக்கொடைக்கென அடிப்படையில் 4.81 சதவீதம் ஒதுக்கப்படுகிறது. நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக ஐந்தாண்டு முடிந்தால்தான் அது கிடைக்கும். இன்னொரு 90,000, ஆண்டு முடிவில் செயல்திறனைப் பார்த்துத் தருவது. மீதத்தை 12ஆல் வகுத்து, வைப்பு நிதிக்கு ஊழியர் கட்டும் 4,500ஐயும் தொழில் வரி 200ஐயும் கழித்தால் கணக்கு சரியாகிவிடும். வருமான வரி இருந்தால் அது தனி.

ஆகவே ‘சம்மதம்’ என்று எழுதுமுன் கேட்க வேண்டியது மாதவாரிப் பட்டியல். செயல்திறன் தொகைக்கு உத்தரவாதம் உண்டா, பாதி ஆண்டில் சேர்பவருக்கு எவ்வளவு என்பதும் அதில் இருக்க வேண்டும்.

சேரும் தேதியில் சிக்கல் வேறு விதமானது. பழைய நிறுவனத்தில் நோட்டீஸ் காலம் 90 நாள். புதியவர்கள் 45 நாளில் வரச் சொல்கிறார்கள். “மீதி நாட்களுக்கான பணத்தை நாங்கள் கொடுத்துவிடுகிறோம்” என்கிறார் மனிதவள அதிகாரி. அவரே அடுத்த மாதம் வேறு வேலைக்குப் போய்விடலாம். எவ்வளவு, எந்த ரசீதைக் காட்டினால், எந்தச் சம்பளத்தோடு கிடைக்கும், ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டுமா? இவற்றுக்கு எழுத்தில் பதில் வந்த பிறகே ராஜினாமா.

சான்றிதழ்களில் அசலைக் காட்டலாம், நகலைக் கொடுக்கலாம். அசலையே வைத்துக்கொள்வோம் என்பவர்களிடம் காரணம் கேட்பது நல்லது. பணிவிடுப்புக் கடிதம் பல இடங்களில் கடைசி நாளுக்குச் சில வாரங்கள் கழித்தே வருகிறது. அதுவரை ராஜினாமாவை ஏற்ற மின்னஞ்சல் போதுமா என்பதையும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

பதில் கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை: “நேற்று தொலைபேசியில் பேசியபடி, இணைத்துள்ள சம்பளப் பட்டியலின்படி, குறிப்பிட்ட தேதியில் சேரச் சம்மதிக்கிறேன். நோட்டீஸ் தொகையை முதல் மாதச் சம்பளத்தோடு தருவதாகச் சொன்னீர்கள். பணிவிடுப்புக் கடிதத்தைச் சேர்ந்த 30 நாளுக்குள் தருகிறேன். இவை சரியென உறுதிசெய்து பதில் அனுப்பவும்.”