அத்தை சொல்லாததை அத்தை வாயில் வைக்காதீர்கள்

போன மாதம் அத்தையின் முதலாண்டு நினைவுநாள். என் தம்பி மகன் முப்பத்திரண்டு பக்கத்தில் நினைவு மலர் ஒன்று அச்சடித்திருந்தான். அதில் நான்கு பக்கம், 2018-இல் நான் செல்போனில் பதிவு செய்த அத்தையின் பேச்சு. படித்ததும் எனக்குப் பகீரென்றது. அது அத்தையின் பேச்சே இல்லை.

பதிவில் அத்தை சொன்னது இதுதான்: "ராத்திரி அவங்க வந்தாங்க. மண்டையெல்லாம் ரத்தம். அப்பா வைக்கப்போருக்குப் பின்னாடி படுக்கச் சொன்னாரு."

மலரில் வந்தது இது: "அன்றிரவு சோரப்பட்டைச் சேர்ந்த தியாகி ஒருவர் பிரெஞ்சுக் காவலர்களால் தாக்கப்பட்டு, குருதி வழிய எங்கள் இல்லம் வந்தார்."

நல்ல தமிழாக்கினேன் பெரியப்பா என்கிறான். நான் முப்பது வருஷம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராகக் குப்பை கொட்டியவன். அங்கே ஒரு எழுத்தை அடித்தாலும் கடைசியில் 'அடித்தல் திருத்தல்' என்று குறித்துக் கையெழுத்து வாங்குவோம். அரை காணி நிலத்துக்கு இருக்கிற அந்த மரியாதை ஒரு கிழவியின் சாட்சியத்துக்கு வேண்டாமா?

முதலில் 'அவங்க'. நம் பேச்சில் அவங்க என்றால் ஒரு பெரியவராகவும் இருக்கலாம், நாலு பேராகவும் இருக்கலாம். எழுத்துத் தமிழுக்கு மாற்றும்போது 'அவர் வந்தார்', 'அவர்கள் வந்தார்கள்' என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். அத்தை தேர்ந்தெடுக்கவில்லை, பையன் தேர்ந்தெடுத்தான். வந்தவர் எத்தனை பேர் என்பதே அவன் கையால் மாறிவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், முதல் பிரதியில் பேச்சுத் தமிழைத் தொடாதீர்கள்.

'தியாகி' என்ற சொல் பதிவில் எங்குமே இல்லை. அந்தக் காலத்தில் திருக்கனூரைத் தாண்டினால் தென்னாற்காடு ஜில்லா, வேறு நாடு. ராத்திரியில் எல்லை தாண்டி ஓடியவர்களில் கட்சிக்காரரும் உண்டு, சரக்குக் கடத்தியவரும் உண்டு. வந்தவர் யார் என்று அத்தை சொல்லவில்லை.

அடுத்தது ஊர்ப்பெயர். 23-ஆவது நிமிடம் 40-ஆவது நொடியில் அத்தை 'சோ' என்று தொடங்குகிறார், தெருவில் ஒரு ஹாரன், பிறகு 'ட்டுக்காரங்க' என்று முடிக்கிறார். நம் பக்கத்தில் சோரப்பட்டும் இருக்கிறது, சோம்பட்டும் இருக்கிறது. காதில் மாட்டும் ஹெட்போனை வைத்து, வேகத்தைக் குறைத்து எத்தனையோ முறை கேட்டேன். சோரப்பட்டு கொஞ்சம் நீளமான பெயர், இடைவெளியின் நீளத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்று தோன்றியது. ஆனால் வேறோர் இடத்தில் அத்தை சோரப்பட்டைத் தெளிவாகச் சொல்கிறார். அங்கே நடு எழுத்தை விழுங்கி 'சோராட்டு' என்கிறார். நீளத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது.

இன்னொருவரைக் கேட்க வைக்கும்போது நாம் எழுதியதைக் காட்டக் கூடாது. காட்டினால் எழுதியதுதான் காதில் விழும். என் மனைவிக்கு ஒன்றும் சொல்லாமல் போட்டுக் காட்டினேன். அவள் சோம்பட்டு என்றாள். அவள் அண்ணி சோம்பட்டு. பையன் சோரப்பட்டு என்று எழுதினான், அவன் மாமனார் ஊர் அதுதான். காது அவரவருக்குத் தெரிந்த ஊரைத்தான் கேட்கும்.

மூன்றாவது மௌனம். "யாரு அடிச்சாங்க அத்தே?" என்று நான் கேட்கிறேன். பதினான்கு நொடி பேச்சே இல்லை, ஃபேன் சத்தம் மட்டும். பிறகு, "அதெல்லாம் எதுக்கு இப்ப." அந்தப் பதினான்கு நொடியை எடுத்துவிட்டுத்தான் 'பிரெஞ்சுக் காவலர்களால்' என்று பையன் போட்டான். அடித்தவர் வெளி ஆளாக இருந்திருந்தால் அத்தை தயங்கியிருப்பாரா? எனக்கு அந்தச் சந்தேகம் உண்டு. அதையும் நான் எழுத மாட்டேன். 'வருத்தத்துடன்', 'பயந்து' என்றும் போட மாட்டேன். கடிகாரம் காட்டியதை மட்டும் போடுவேன்.

என் பிரதியில் அந்த இடம் இப்படி இருக்கிறது. சதுர அடைப்புக்குள் இருப்பது நான் சேர்த்தது, வெளியே இருப்பது அவர் பேசியது.

அத்தை: சோ[ஹாரன்]ட்டுக்காரங்க [சோரப்பட்டு? சோம்பட்டு? 23:40]
நான்: யாரு அடிச்சாங்க அத்தே?
அத்தை: [14 நொடி மௌனம்] அதெல்லாம் எதுக்கு இப்ப. [இரண்டு சொல் புரியவில்லை 24:09] அறுபத்திரண்டு இருக்கும்.

அந்த அறுபத்திரண்டையும் பையன் 1954 என்று 'சரி' செய்துவிட்டான். 1954-ஆக இருக்கத்தான் வாய்ப்பு. அத்தைக்கு 1958-இல் கல்யாணம், இதுவோ அப்பா வீட்டில் நடந்தது. ஆனால் அவர் வாயில் வந்தது 1962. அது பிரெஞ்சுக்காரன் சட்டப்படி நம்மை விட்ட வருஷம். தவறும் ஒரு தகவல்தான். இத்தாலியில் தெர்னி என்ற ஊரில் லூயிஜி டிரஸ்டுல்லி என்ற தொழிலாளி 1949-இல் போலீசால் கொல்லப்பட்டார். அலெசாண்ட்ரோ போர்டெல்லி என்ற ஆய்வாளர் அங்குள்ள முதியவர்களைப் பதிவு செய்தபோது, பலர் அது 1953-இல் ஆலை ஆட்குறைப்புப் போராட்டத்தில் நடந்தது என்றார்கள். அவர் திருத்தவில்லை. ஏன் எல்லாரும் ஒரே பக்கம் தவறுகிறார்கள் என்று கேட்டார். அந்த ஊரின் மனதில் எது பெரிய காயம் என்பது அதில்தான் தெரிந்தது. திருத்தியிருந்தால் அந்தக் கேள்வியே பிறந்திருக்காது. நானும் 'அறுபத்திரண்டு' என்றே விட்டு, பக்கத்தில் அடைப்புக்குள் [1954?] என்று என் காரணத்தை எழுதிவிட்டேன்.

இதெல்லாம் வீட்டுச் சமாசாரம், யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். மலர் வெளிவந்து பத்தாம் நாள் ஒருவர் வந்தார். "அது எங்க தாத்தாதான் சார், தியாகி குடும்பம்னு மனு போடணும், இந்தப் பக்கத்துல சாட்சிக் கையெழுத்துப் போடுங்க" என்றார். பொய் சொல்பவராகத் தெரியவில்லை. பதிவைப் போட்டுக் காட்டினேன். மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அவருக்குச் சோரப்பட்டு என்றே கேட்டது. நான் கையெழுத்துப் போடவில்லை. அவர் முகம் வாடிப் போனது. அந்த வாட்டத்துக்குக் காரணம் அத்தை இல்லை, அச்சில் வந்த பொய் நிச்சயம்.

தம்பி மகனுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அடைப்புக்குறியாய்ப் போட்டால் அத்தை திக்குவாய் மாதிரி தெரிவார், படிப்பவர் அலுத்துப் போவார் என்கிறான். சரி, இரண்டு பிரதி வைத்துக்கொள். ஒன்று பதிவோடு சேர்ந்தே இருக்க வேண்டிய முழுப் பிரதி. மற்றது மலருக்கு. மலருக்கானதில் 'வந்து', 'அதான்' எல்லாம் குறைத்துக்கொள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் சந்தேகக் கேள்விக்குறியையும் மௌனத்தையும் எடுக்காதே. அவை அலங்காரம் இல்லை, அவர் சொன்னதின் அளவு.

1954 அக்டோபர் 18-இல் கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவு. எதிர்த்த எட்டையும் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். அந்த எட்டை அழித்திருந்தால் 170-ஐ யார் நம்புவார்கள்?

சோரப்பட்டிலோ சோம்பட்டிலோ அந்த இரவைப் பற்றிக் கேள்விப்பட்ட பெரியவர்கள் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னது, நீங்கள் யாரிடம் கேட்டது என்று உங்கள் கணக்கிலேயே எழுதிக்கொள்கிறேன். அத்தையின் வரியில் அந்தக் கேள்விக்குறி அப்படியே இருக்கும்.