சொல்வது ஒன்று, செய்வது ஒன்று

36-ஐயும் 59-ஐயும் கூட்டச் சொன்னால் ‘கிளாட்’ என்ற மொழி மாதிரி 95 என்கிறது. வழிமுறையைக் கேட்டால், 6-உம் 9-உம் 15, மீதி 1-ஐப் பத்துகளுடன் சேர்த்தேன் என்று பள்ளிப் பிள்ளைபோல் விளக்குகிறது.

ஆனால், 2025 மார்ச்சில் ஆந்த்ரோபிக் ஆய்வாளர்கள் அதன் உள்ளே நடப்பதைத் தடம்பிடித்தபோது வேறொன்று தெரிந்தது. ஒரு பாதை, விடை ஏறக்குறைய 92 எனக் குத்துமதிப்பாகக் கணித்தது. இன்னொன்று கடைசி இலக்கம் 5 என்பதை மட்டும் கண்டது. இரண்டும் சேர்ந்தே 95 வந்தது. விளக்கமோ மனிதர் எழுதியவற்றைப் பார்த்துக் கற்றது.

பொய் என்று சொல்ல முடியாது. தன் உள்வேலை அதற்கே தெரியவில்லை. ஆகவே, கடன் விண்ணப்பத்தை நிராகரிக்கும் மாதிரி தரும் காரணத்தையும் அப்படியே ஏற்க இயலாது. உள்ளே பார்ப்பதும் எளிதல்ல. அவர்கள் சோதித்த கேள்விகளில் ஏறத்தாழ கால்வாசிக்கே இம்முறை தெளிவு தந்தது.