தண்ணி எப்ப வரும்?

"பராமரிப்புப் பணி காரணமாக காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை குடிநீர் விநியோகம் நிறுத்தப்படும். பொதுமக்கள் போதிய அளவு நீரைச் சேமித்து வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." நம்ம ஊர்களில் வரும் குடிநீர் அறிவிப்புகள் பெரும்பாலும் இந்த அச்சில்தான் இருக்கும். நேரம் இருக்கிறதே, அப்புறம் என்ன குறை என்று தோன்றலாம். குறையே அந்த நேரத்தில்தான்.

9 முதல் 5 என்பது வேலை நடக்கும் நேரம். வீட்டுக்காரர் கேட்பது குழாயில் தண்ணீர் வராத நேரம். இரண்டும் ஒன்றல்ல. மறைமலை நகர் மாதிரி ஊரில் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, முறை வைத்துத்தான் திறக்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொட்டி 5 லட்சம் லிட்டர், பம்ப் மணிக்கு 60 ஆயிரம் லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிரம்ப எட்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். பகலில் ஏற்றும் தண்ணீர்தான் மாலை முறைக்குப் போகிறது. செவ்வாய் 5 மணிக்கு வேலை முடிந்து பம்ப் ஓடினால், தொட்டி நிரம்ப நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி நெருங்கிவிடும். மாலை முறை போச்சு! எட்டு மணி நேரத் தடை என்று படித்தவருக்கு, உண்மையில் செவ்வாய் காலைக்கு அடுத்து புதன் காலைதான் தண்ணீர். ஒரகடத்தில் இரண்டாம் ஷிப்டு முடித்து நடுராத்திரி வீடு திரும்புபவருக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அடுத்தது காரணம். "பராமரிப்பு" என்ற சொல் எதையும் சொல்வதில்லை. கரண்ட் கட் ஆகி பம்ப் நின்றால் ஒரு மாதிரி, குழாயை வெட்டி இணைத்தால் வேறு மாதிரி. வெட்டிய குழாயில் மண் புகும்; முதலில் வரும் தண்ணீர் கலங்கலாக இருக்கும். அதை நேராக சம்ப்பில் விட்டால் இருக்கிற தண்ணீரும் கெட்டுப்போகும். காரணத்தைச் சொன்னால்தான் மக்கள் எச்சரிக்கையாக இருக்க முடியும்.

இப்படி எழுதினால் என்ன?

"செவ்வாய் மாலை முறைத் தண்ணீர் வராது. புதன் காலை 6 மணிக்கு வரும். தெருக்கோடி வீடுகளுக்குச் சற்றுத் தாமதமாகலாம். காரணம்: மெயின் குழாயில் கசிவு, வெட்டிச் சரிசெய்கிறோம். புதன்கிழமை முதலில் வரும் கலங்கல் நீரைத் தெளியும்வரை வெளியே விடவும். செவ்வாய் மாலை 5 முதல் 7 வரை உங்கள் தெருமுனையில் லாரித் தண்ணீர், இலவசம். வேலை நீண்டால் அன்று மாலை 4 மணிக்குள் தெரிவிப்போம்."

கடைசி வரி முக்கியம். தோண்டிப் பார்க்கும்வரை சேதம் எவ்வளவு என்று இன்ஜினியருக்கே தெரியாது. முடியும் நேரத்தை உறுதியாகச் சொல்ல முடியாதபோது, அடுத்த தகவல் வரும் நேரத்தையாவது சொல்லலாம். லாரி வரி மட்டும் லாரி உறுதியான பிறகே போட வேண்டும். குடத்தோடு காத்து நின்று ஏமாந்தவர் அடுத்த அறிவிப்பைப் படிக்கவே மாட்டார்.